‘மெதுவாகச் செல்லவும்’ என்றால் எவ்வளவு மெதுவாக?

இரண்டு வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றில் வாசகப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். பள்ளி வாசலில் வண்டிகள் வேகமாகப் போகின்றன, மெதுவாகப் போகச் சொல்லி மாணவர்களே வாசகம் எழுத வேண்டும், நல்ல வாசகத்தைச் சுவரில் எழுதப் போகிறோம் என்று சொன்னார் தலைமையாசிரியை. மேசை மேல் சார்ட் பேப்பர்கள் குவிந்திருந்தன. முக்கால்வாசியில் எதுகை துள்ளியது. ‘வேகத்தைக் குறைப்போம், பிஞ்சு உயிர்களைக் காப்போம்’ என்ற சாயலில் மட்டும் ஏழெட்டு. அவற்றில் கையெழுத்து அழகாக இருந்த ஒன்றுக்கு முதல் பரிசு கொடுத்தேன்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி எதுகையும் இல்லாமல் மோனையும் இல்லாமல் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘அண்ணா, நான் குள்ளம். உங்களுக்குத் தெரிய மாட்டேன்.’ படித்துச் சிரித்துவிட்டு ஓரமாக வைத்தேன். ஆறுதல் பரிசுகூட இல்லை.

பரிசு வாங்கிய வாசகம் பள்ளிச் சுற்றுச்சுவரில் ஏறியது. சில மாதம் கழித்து, தினமும் அந்தப் பள்ளி வழியாகவே சவாரி போகும் ஷேர் ஆட்டோக்காரரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “எழுதியிருக்கா? எந்தப் பக்கம் சார்?” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அன்று சாயந்திரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போய்ப் பார்த்தேன். சுவர் சாலைக்கு இணையாக ஓடுகிறது. ஓட்டுகிறவர் முன்னால் பார்க்கிறார். சுவரில் இருப்பதைப் படிக்க வேண்டுமானால் பக்கவாட்டில் தலையைத் திருப்ப வேண்டும். அப்படித் திருப்பாதவர்தான் நல்ல டிரைவர். சுவரை நேராகப் பார்க்கும் நேரத்தில் வண்டி ஏற்கெனவே கேட் முன்னால் நிற்கும். பிள்ளையும் அங்கேதான் நிற்கும்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைக் கொஞ்சம் தோண்டினேன். தோண்டத் தோண்ட, நான் பரிசு கொடுத்த வாசகத்தில் இருந்த தப்புகள் வரிசையாக வெளியே வந்தன.

முதலில் கணக்கு. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் தூரத்தை விழுங்கும். பிள்ளை ஓடி வருவதைக் கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோடு, நல்ல பிரேக் இருந்தால், அதற்கு மேல் இன்னொரு 14 மீட்டர் ஓடித்தான் வண்டி நிற்கும். மொத்தம் 28 மீட்டர். அதே வண்டி 30 கி.மீ. வேகத்தில் வந்தால் மொத்தம் 13 மீட்டரில் நின்றுவிடும். இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பாருங்கள். 30-ல் வந்தவர் பிள்ளைக்கு ஓரடி முன்னால் நின்று மூச்சு விடும் இடத்தில், 50-ல் வந்தவர் இன்னும் பிரேக்கையே மிதிக்கவில்லை. 50 கி.மீ. வேகம் அப்படியே பிள்ளை மேல் மோதும். 20 கி.மீ. வித்தியாசம் என்பது கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். அந்த இடத்தில் அதுதான் எல்லாமே. பேருந்துக்கும், தேய்ந்த டயரோடு ஓடும் பைக்குக்கும், மழை நாளுக்கும் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும்.

பிரிட்டனில் 2005-ல் வந்த ஓர் அரசு விளம்பரம் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொண்டது. மரத்தடியில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு சிறுமியே பேசுவாள். 40 மைல் வேகத்தில் என்னை இடித்தால் நான் சாக 80 சதவீதம் வாய்ப்பு, 30 மைல் வேகத்தில் இடித்தால் பிழைக்க 80 சதவீதம் வாய்ப்பு என்பாள். ‘30 என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது’ என்று முடியும். பின்னால் வந்த ஆய்வுகள் அந்தச் சாவுக் கணக்கு வெகுவாகக் கூடுதல் என்று சொல்லின. ஆனாலும் அந்த விளம்பரத்தை எழுதியவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது. அவர் ‘மெதுவாகப் போ’ என்று சொல்லவே இல்லை. இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்தார்.

நம் வாசகங்களில் எண்ணே கிடையாது. ‘மெதுவாகச் செல்லவும்’ என்பதில் ‘மெதுவாக’ என்பது ஆளுக்கு ஆள் மாறும். பைபாஸில் 80-ல் வந்தவருக்கு 50 என்பதே ஊர்வதுபோல இருக்கும்; மெதுவாகத்தானே வந்தேன் என்று அவர் சத்தியம்கூடச் செய்வார். ‘25’ என்று எழுதிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஸ்பீடாமீட்டரில் முள் எங்கே இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர் மகளுக்கும் தெரியும்.

அந்த ‘25’ பிள்ளையின் கண்ணுக்கும் ஒத்துவருகிறது. லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு வண்டி நம்மை நோக்கி நேராக வரும்போது அது வருகிறது என்பதை எப்படிக் கண்டுகொள்கிறோம்? அதன் உருவம் கண்ணில் பெரிதாகிக்கொண்டே வருவதை வைத்துத்தான். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இந்தத் திறன் இன்னும் முதிர்ந்திருக்காது. மணிக்கு 20 மைலுக்கு மேல், அதாவது 32 கி.மீ.க்கு மேல் வேகமாக வரும் வண்டி நெருங்குகிறதா என்று அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை என்று அந்த ஆய்வு காட்டியது. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தான் என்று அம்மா அழுவது உண்மையாகவே இருக்கலாம். அவன் பார்த்தான், வண்டி நின்றுகொண்டிருப்பதுபோல் அவனுக்குத் தெரிந்தது. குள்ளமாக இருப்பதால் டிரைவர் கண்ணுக்குத் தான் தெரிவதில்லை என்று ஆறாம் வகுப்புப் பெண் எழுதினாள். மறுபாதியை ஆய்வு சொல்கிறது: வேகமாக வரும் வண்டி அவள் கண்ணுக்கும் சரியாகத் தெரிவதில்லை.

இனி வாசகத்தின் மொழிக்கு வருவோம். நம் ஊரில் நெஞ்சில் பதிந்த வாசகம் எதுவென்று கேட்டால் பலரும் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்பார்கள். பேருந்தில் அதைப் படித்தே வளர்ந்தோம். அது நல்ல வாசகம்தான். ஆனால் அதைப் படிப்பவர் யார்? படிக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் பயணி. வாசகமும் அவரும் ஒரே பேருந்தில், ஒரே வேகத்தில் போகிறார்கள். அரை மணி நேரம் வேறு வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டு வரலாம். எதுகை அப்போதுதான் வேலை செய்யும். மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். சாலையில் வண்டி ஓட்டி வருபவருக்கு அந்த அரை மணி நேரம் கிடையாது.

அவருக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரம் இருந்தால் ஏறக்குறைய மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்துக்கு இதைவிடக் கொஞ்சம் தாராளமாகச் சொல்வார்கள். நம் எழுத்தில் சுழியும் கொம்பும் புள்ளியும் இருப்பதால் நான் குறைத்தே வைக்கிறேன். ஃப்ளெக்ஸ் பேனரில் எட்டு சென்டிமீட்டர் எழுத்து என்றால் 24 மீட்டரில்தான் படிக்க வரும். 40 கி.மீ. வேகத்தில் அந்த 24 மீட்டர் இரண்டு நொடியில் காலி. ஒரு சொல்லுக்கு ஒரு நொடி என்பது அமெரிக்க நெடுஞ்சாலைக்காரர்கள் மின்னணுப் பலகைகளுக்கு வைத்திருக்கும் கணக்கு. ஆக, நமக்குக் கிடைப்பது இரண்டு சொல். கூடிப்போனால் மூன்று.

அந்த மூன்று சொல்லுக்குள் தமிழின் இலக்கணம் வேறு ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறது. நம் மொழியில் வினைச்சொல் கடைசியில் வரும். ‘பள்ளி மாணவர்கள் சாலையைக் கடக்கும் பகுதி, வாகன ஓட்டிகள் மெதுவாகச் செல்லவும்’ என்று எழுதினால், செய்ய வேண்டிய காரியம் கடைசி இரண்டு சொல்லில் இருக்கிறது. ‘வாகன ஓட்டிகள்’ வரை படிப்பதற்குள் பலகை பின்னால் போய்விடும். அவருக்குக் கிடைத்தது பள்ளி பற்றிய ஒரு தகவல் மட்டும். உரைநடை வரிசையை உடைத்து எண்ணையும் வினையையும் முன்னால் கொண்டுவர வேண்டும். பேச்சில் நாம் அப்படித்தானே செய்கிறோம்? ‘நில்லு நில்லு, பாம்பு!’ என்றுதான் கத்துவோம். ‘முன்னால் பாம்பு இருப்பதால் நிற்கவும்’ என்று யாரும் கத்துவதில்லை.

‘செல்லவும்’ என்ற அந்த விகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘செருப்பை வெளியே விடவும்’, ‘வரிசையில் வரவும்’, ‘சில்லறையாகக் கொடுக்கவும்’ எல்லாம் அதே குரல். யார் குரல் என்று தெரியாத ஆபீஸ் குரல். ‘காப்போம்’, ‘குறைப்போம்’ என்பவை உறுதிமொழி வாசிக்கும் மேடைக்கு உரியவை. நாம் எல்லோரும் குறைப்போம் என்றால் குறைக்க வேண்டிய ஆள் அதில் இல்லை. தெருவில் ஒரு பிள்ளை வண்டியை நிறுத்த நினைத்தால் என்ன சொல்லும்? “அண்ணா, மெதுவா வாங்க!” அவ்வளவுதான். உறவு சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காமல் போவது நம் ஊரில் கஷ்டம். பஸ் கண்டக்டர் முதல் பூக்காரி வரை பிழைப்பு நடத்துவது அந்தச் சொல்லால்தான்.

ஆனால் ‘அண்ணா’ என்று மட்டும் எழுதினால் போதாது என்பதைச் சாலையோரம் நின்று பார்த்தபோது புரிந்துகொண்டேன். காலை ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த வாசலில் மிக வேகமாக வந்தவர்களில் பாதிப்பேர் ஸ்கூட்டியில் தன் பிள்ளையை விட வந்த அம்மாக்கள். மணி அடித்துவிடுமே என்ற பதற்றம். தன் பிள்ளையைக் காப்பாற்ற, இன்னொருத்தி பிள்ளையை உரசிக்கொண்டு போகிறார்கள். ‘அக்கா’ என்று ஒரு பலகையும் வேண்டும்.

பயமுறுத்தினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தம், மண்டையோடு, இந்த ஆண்டு இத்தனை சாவு என்று எழுதலாமே என்பார்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம் 2012 முதல் அதைத்தான் செய்துபார்த்தது. நெடுஞ்சாலை மின்னணுப் பலகைகளில் மாதத்தில் ஒரு வாரம் மட்டும், அந்த ஆண்டு சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டினார்கள். ஒரு வாரம் மட்டும் என்பதால், காட்டிய வாரத்தையும் காட்டாத வாரங்களையும் ஒப்பிட வசதியாகப் போயிற்று. ஜோனதன் ஹால், ஜோஷுவா மேட்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2022-ல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். பலகையைத் தாண்டிய 10 கி.மீ. தூரத்தில், எண்ணிக்கை காட்டிய வாரங்களில் விபத்து 4.5 சதவீதம் கூடியிருந்தது. எண்ணிக்கை பெரிதாக ஆக, பாதிப்பும் கூடியது. சாவை நினைவூட்டியதும் ஓட்டுநரின் மனம் சாலையை விட்டு வேறு எங்கோ போய்விடுகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பிள்ளைகள் கடக்கும் இடத்தில் ஓட்டுநரின் மனம் அரை நொடி அலைந்தாலும் நமக்குக் கட்டுபடியாகாது.

சிரிப்பு மூட்டுவதும் அப்படித்தான். இமயமலைச் சாலைகளில் எல்லைச் சாலை அமைப்பு எழுதிவைத்திருக்கும் குறும்பு வாசகங்களைப் படமெடுத்துப் போடாத சுற்றுலாப் பயணி இல்லை. அமெரிக்க மாநிலங்களும் மின்னணுப் பலகைகளில் சினிமா வசனம்போல எழுதிக்கொண்டிருந்தன. 2023-ல் அந்நாட்டு மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம், நகைச்சுவை வேண்டாம், புரிந்துகொள்ள நேரம் பிடிக்கிறது என்று தன் கையேட்டில் சேர்த்துவிட்டது. எனக்கு அந்த மலைப்பாதை வாசகங்கள் பிடிக்கும். பள்ளி வாசலுக்கு வேண்டாம்.

அப்படியானால் எது வேலை செய்தது? கலிஃபோர்னியாவில் கார்டன் குரோவ் என்று ஒரு ஊர். பள்ளிகள் பக்கத்தில் வண்டிகள் பறந்தன. பளிச்சென்று புதுப் பலகை வைத்துப் பார்த்தார்கள், போலீஸை நிறுத்தி அபராதம் போட்டுப் பார்த்தார்கள். பெரிய பலன் இல்லை. 2003-ல் ஐந்து பள்ளிகள் அருகே ஒரு காரியம் செய்தார்கள். வேக வரம்புப் பலகையோடு சேர்த்து, ‘உங்கள் வேகம்’ என்ற சொற்களுக்குக் கீழே வரும் வண்டியின் வேகத்தை ரேடார் மூலம் எண்ணாகக் காட்டினார்கள். அந்த எண் ஓட்டுநருக்குப் புதிதல்ல; அவர் முன்னாலேயே ஸ்பீடாமீட்டர் இருக்கிறது. அபராதமும் கிடையாது. ஆனாலும் சராசரி வேகம் 14 சதவீதம் குறைந்தது. என் கண்ணில் இதுவரை எழுதப்பட்ட மிகச் சிறந்த பள்ளி வாசகம் அதுதான். இரண்டு சொல், ஓர் எண், அந்த எண்ணும் படிப்பவருக்கென்றே அந்த நொடியில் எழுதப்படுகிறது.

ரேடார் பலகைக்கு எல்லாப் பள்ளியிலும் காசு இருக்காது. ஆனால் அதிலிருந்து காசில்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒன்று உண்டு. அந்தப் பலகை அந்த நேரத்து உண்மையைச் சொல்கிறது. நம் பலகையோ ஞாயிற்றுக்கிழமையும், மே மாத விடுமுறையிலும், ராத்திரி பதினொரு மணிக்கும் ‘பிள்ளைகள் கடக்கிறார்கள்’ என்று சொல்லிக்கொண்டே நிற்கிறது. பத்து முறை பிள்ளைகளே இல்லாமல் அந்தப் பலகையைத் தாண்டியவர், பதினோராவது முறை அதை நம்பமாட்டார். ‘பிள்ளைகள் விளையாடுகிறார்கள்’ என்று வீதியோரம் நிரந்தரமாக நடும் பலகையால் வேகம் குறைந்ததாகச் சான்றில்லை என்பதால், அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பள்ளி வாசலில் 40 கி.மீ. வரம்பு பள்ளி நாட்களில் காலை எட்டு முதல் ஒன்பதரை வரையும், மதியம் இரண்டரை முதல் நான்கு வரையும் மட்டும்தான் செல்லும். நாமும் பலகையைச் சங்கிலியில் கோத்து, பள்ளி திறக்கும் முன் மாட்டி, மணி அடித்ததும் கழற்றி வாட்ச்மேன் அறையில் வைக்கலாம். பலகை தொங்கினால் பிள்ளை இருக்கிறது என்று அர்த்தமாகிவிடும்.

இதையெல்லாம் போட்டு, நான் பரிசு கொடுத்த வாசகத்தைத் திருத்திப் பார்த்தேன். சுவரை விட்டுவிட்டேன். 50-ல் வருபவர் பலகையைப் பார்த்த பிறகு, பின்னால் வருபவர் இடிக்காத அளவு நிதானமாக 25-க்கு இறங்க 50 மீட்டர் வேண்டும். எனவே கேட்டுக்கு 50, 60 மீட்டர் முன்னால், சாலையைப் பார்த்தபடி, முதல் பலகை: ‘25’ என்ற எண், அதன் கீழே ‘பள்ளி’. எழுத்து 20 சென்டிமீட்டர். பாதித் தூரத்தில் இரண்டாவது: ‘மெதுவா அண்ணா’. மறுநாள் ‘மெதுவா அக்கா’. கேட் தாண்டியதும் மூன்றாவது: ‘நன்றி’. ஒரே வாசகத்தைத் துண்டு துண்டாக அடுத்தடுத்த பலகைகளில் தருவது பழைய உத்தி. பர்மா ஷேவ் என்ற அமெரிக்கச் சவரக் களிம்புக்காரர்கள் 1920-களிலிருந்து 1963 வரை நெடுஞ்சாலை ஓரங்களில் அப்படித்தான் விளம்பரம் செய்தார்கள். அடுத்தது என்ன என்று தேடும் கண் சாலையிலேயே இருக்கும். அந்த ஆறாம் வகுப்புப் பெண் எழுதியதற்குப் பலகையில் இடமில்லை, ஆறு சொல். அதைப் பெற்றோர் கூட்டத்தில் வாசித்தோம். உட்கார்ந்து கேட்பவருக்கு அது போதும் போதும் என்று ஏறுகிறது.

வேலை செய்கிறதா என்று பார்க்க மொபைலில் ஸ்டாப்வாட்ச் போதும். பலகைக்கும் கேட்டுக்கும் நடுவே 50 மீட்டர் அளந்து இரண்டு கம்பங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டி அந்தத் தூரத்தை 7.2 நொடிக்கு மேல் எடுத்துக் கடந்தால் 25-க்குள் வருகிறது. ஆறு நொடி என்றால் 30. நாலரை என்றால் 40. மூன்றரைக்குப் பக்கம் என்றால் 50. பலகை வைப்பதற்கு முன் ஒரு வாரம், வைத்த முதல் வாரம், பிறகு இரண்டு மாதம் கழித்து ஒரு வாரம், தினமும் ஐம்பது வண்டி. வைத்த வாரத்தில் குறைந்தால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். எந்தப் புதுப் பலகைக்கும் அந்த மரியாதை கிடைக்கும். இரண்டு மாதம் கழித்து வரும் எண்தான் உண்மை. அப்போது பழைய வேகமே திரும்பியிருந்தால் வாசகம் தீர்ந்துவிட்டது என்று பொருள். சாலையைத்தான் மாற்ற வேண்டும்.

சாலையை மாற்றுவது என்றால் வேகத்தடை. நம் ஊரில் ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கும் முதுகு முறிக்கும் கட்டை அல்ல. 25 கி.மீ. வேகத்தில் கடக்க இந்திய சாலைப் பேராயம் சொல்லும் அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். ஏறி இறங்குவது தெரிய வேண்டும், தூக்கிப் போடக்கூடாது. அதற்கு நெடுஞ்சாலைத் துறையிடமோ உள்ளாட்சியிடமோ மனு கொடுக்க வேண்டும். அந்த மனுவோடு உங்கள் ஸ்டாப்வாட்ச் தாளையும் இணைத்தால் அதிகாரி படிப்பார். ‘வண்டிகள் மிக வேகமாகச் செல்கின்றன’ என்று மட்டும் எழுதினால், ‘மெதுவாகச் செல்லவும்’ பலகைக்கு ஆகும் கதிதான் அதற்கும்.

இந்த ஜூனில் உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் சுவரில் வாசகம் எழுத வசூல் கேட்டால், கொடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். எழுதப்போகும் வாசகத்தை அட்டையில் எழுதி அந்த இடத்தில் நிறுத்துங்கள். அதை இதுவரை பார்க்காத ஒருவரை வண்டியில் பின்னால் உட்காரவைத்து, ஆள் நடமாட்டம் இல்லாத விடுமுறை நாளில் 40-ல் தாண்டிப் போங்கள். கண்ணில் பட்டதும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். தாண்டுவதற்குள் அவர் படித்து முடிக்கவில்லை என்றால் பெயின்ட் வாங்காதீர்கள்.